கிளியோனைத் திட்டத் தோதான திருவிழா

கேள்வி: கிரேக்கத் துன்பியல், இன்பியல் நாடகங்கள் சாமிக்கு எடுத்த விழாவில் பிறந்தவை என்கிறார்கள். அப்படியானால் அவற்றில் பக்தியைவிட ஊர் அரசியல் ஏன் இவ்வளவு இருக்கிறது?

ஏதென்ஸில் சாமி காரியமும் ஊர்க் காரியமும் ஒன்றாகவே நடந்தன. டயோனிசஸ் மது தெய்வம். வசந்த காலத்தில் நடந்த அவருடைய பெருவிழாவில், எல்லைப்புற ஊரான எலூதெரேயிலிருந்து அவர் முதன்முதலில் வந்ததை நினைவுகூரும் விதமாக, சிலையை நகருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துத் தீப்பந்த ஒளியில் திரும்ப அழைத்து வருவார்கள். பெரிய ஆண்குறி உருவங்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும். காளைகள் பலியாகும். ஐம்பது ஐம்பது பேராகச் சேர்ந்து டிதிராம்பு என்னும் ஆடல்பாடலை நடத்துவார்கள்.

டிதிராம்பை முன்நின்று பாடியவர்களிடமிருந்து துன்பியலும், ஆண்குறி ஊர்வலப் பாட்டுக்காரர்களிடமிருந்து இன்பியலும் வந்தன என்கிறார் அரிஸ்டாட்டில். அவர் இதை எழுதியது வெகுகாலம் கழித்து. இன்பியலை ஆரம்பத்தில் யாரும் பொருட்படுத்தாததால் அதன் தொடக்கம் பதிவாகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதனால் அந்த வம்சாவளியை நான் ஓரளவுக்குத்தான் நம்புவேன். கிமு 5ஆம் நூற்றாண்டில் அந்த விழா எப்படி நடந்தது என்பது அதைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

நாடகம் தொடங்கும் முன் அரங்கின் நடுவட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஏதென்ஸுக்கு அடங்கிய நகரங்கள் கட்டிய கப்பம், வெள்ளியாகச் சுமந்து வரப்பட்டு எல்லார் கண்ணுக்கும் காட்டப்பட்டது. போரில் தந்தையை இழந்து, ஊர்ச் செலவில் வளர்ந்து ஆளான பையன்கள் முழுக் கவசத்தோடு நடந்து போனார்கள். கப்பம் கொண்டுவந்த வெளியூர்த் தூதர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மேடையில் ஒரு அரச குடும்பம் அழியத் தொடங்கும்.

அந்தக் குடும்பம் பெரும்பாலும் தீப்ஸ், ஆர்கோஸ் போன்ற வேறு கிரேக்க நகரங்களில் இருக்கும். காலமும் புராண காலம். பிரினிகஸ் என்ற கவிஞர், பாரசீகர் கைப்பற்றிய மிலேட்டஸ் நகரின் வீழ்ச்சியை அப்படியே நாடகமாக்கினார். மிலேட்டஸ் ஏதென்ஸின் உறவு நகரம். அரங்கமே அழுதது. ‘நம் சொந்தத் துயரத்தை நினைவூட்டினார்’ என்று அவருக்கு 1000 டிராக்மா அபராதம் போட்டு, இனி யாரும் அந்த நாடகத்தை நடத்தக் கூடாது என்று தடையும் விதித்தார்கள். தன் காயத்தைப் பார்க்க அந்த ஊருக்குக் கொஞ்சம் தூரம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

இன்பியல் அந்தத் தூரத்தைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பெயர் சொல்லித் திட்டியது. கிமு 426இல் அரிஸ்டோபனிஸ் என்ற இன்பியல் கவிஞர் பெருவிழாவில் ஒரு நாடகம் போட்டார். வெளியூரார் முன்னிலையில் நகரை இழிவுபடுத்திவிட்டார் என்று கிளியோன் என்ற செல்வாக்கான தலைவர் அவர்மேல் பாய்ந்தார். மறு ஆண்டு லேனாயா விழாவில் அரிஸ்டோபனிஸின் ‘அக்கார்னியர்’ நாடகம் வந்தது. லேனாயாவும் டயோனிசஸுக்குத்தான், ஆனால் குளிர்காலத்தில் நடப்பது. கடல் கொந்தளிக்கும், கப்பல் வராது. நாயகன் டிக்கையோபோலிஸ் அரங்கத்தைப் பார்த்துச் சொல்கிறான்: இப்போது கிளியோன் என்மேல் பழி போட முடியாது, இது லேனாயா, கப்பமும் வரவில்லை, வெளியாரும் வரவில்லை, இருப்பது நாம் மட்டும்தான். எதை எங்கே பேசலாம் என்பதைத் திருவிழா நாட்காட்டியே தீர்மானித்த ஊர் அது.

இந்த டிக்கையோபோலிஸை எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்பார்ட்டாவோடு நடந்த போரால் நகருக்குள் அடைபட்டுக் கிடக்கும் விவசாயி. விடிகாலையில் மக்கள் மன்றத்துக்கு வந்துவிடுகிறான். அங்கே ஒருவரும் இல்லை. சந்தையில் அரட்டை அடிப்பவர்கள், மன்றத்துக்கு ஆள் திரட்டும் சிவப்புச் சாயக் கயிறு மேலே பட்டுவிடாமல் அங்குமிங்கும் நழுவிக்கொண்டிருக்கிறார்கள். இவன் தனியே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறான், குசு விடுகிறான், முடியைப் பிடுங்குகிறான், தொலைவில் தெரியும் வயலைப் பார்க்கிறான். ‘கரி வாங்கு, காடி வாங்கு, எண்ணெய் வாங்கு’ என்று தன் கிராமம் ஒருநாளும் கூவியதில்லை என்று ஏங்குகிறான். எல்லாம் அங்கேயே விளையும். ‘வாங்கு’ என்ற சொல்லே கிடையாது. போர்க்காலத்தில் அந்நகரில் வாழ்வது எப்படி இருந்தது என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டும் பக்கங்கள் குறைவு.

சிரிப்பால் என்ன நடந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. கிமு 424இல் அரிஸ்டோபனிஸ், கிளியோனைத் திருட்டு அடிமையாக்கி, அவனைக் கூச்சலில் தோற்கடிக்கத் தெருவில் குடல்கறி விற்பவன் ஒருவனை மேடை ஏற்றினார். முதல் பரிசு கிடைத்தது. அதே மக்கள் அந்த ஆண்டே கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அரிஸ்டோபனிஸின் ‘மேகங்கள்’ நாடகத்தில் கோரஸ் என்னும் பாட்டுக் குழு அதைச் சொல்லிக்காட்டிப் பார்வையாளர்களைக் கடிந்துகொள்கிறது. கிமு 423இல் போட்டியிட்ட மூன்று நாடகங்களில் அதற்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.