ஆன்கியில் ரிவியூ குவியாமல் இருக்க எத்தனை புதுக் கார்டு?

கேள்வி: ஆன்கி என்ற ஃபிளாஷ்கார்டு செயலியில் ஜப்பானியச் சொற்கள் படிக்கிறேன். தினம் 20 புதுக் கார்டு. இப்போது திரும்பப் பார்க்க வேண்டிய ரிவியூ 600 சேர்ந்து நிற்கிறது. எனக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும். எவ்வளவு வைக்கலாம்?

பதில்: 10 வையுங்கள். ஆனால் இப்போதைக்கு 0.

20 என்பது ஆன்கி தானாகவே வைத்திருக்கும் எண். உங்கள் நேரத்தை அதற்குத் தெரியாது. இன்று படித்த சொல் நாளை வரும், பிறகு மூன்று நாளில், ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் என்று வந்துகொண்டே இருக்கும். மறந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படித் தினமும் சேர்த்துக்கொண்டே போனால், சில வாரங்களில் ரிவியூ புதுக் கார்டைப் போல் சுமார் பத்து மடங்கில் வந்து நிற்கும். முதல் வாரம் சுலபமாக இருப்பதை நம்பித்தான் எல்லோரும் எண்ணை ஏற்றிவிடுகிறார்கள்.

ஒரு கார்டுக்கு 10 வினாடி என்று வைப்போம் (உங்கள் சராசரி Stats பக்கத்தில் இருக்கும்). 20 புதுசு என்றால் 200 ரிவியூ, அதுவே 33 நிமிடம். புதுக் கார்டு ஒவ்வொன்றும் அன்றைக்கே இரண்டு மூன்று தடவை வரும், அதற்குப் பத்து நிமிடம். அரை மணிக்குள் அடங்கவே அடங்காது. 10 என்றால் மொத்தம் 22 நிமிடம். மீதி எட்டு நிமிடம், வீட்டுக்கு விருந்தாளி வந்து படிக்காமல் விட்டுப்போன நாளின் கார்டுகளுக்கு.

Maximum reviews/day-ஐக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். திரையில் எண் குறையும், கார்டுகள் உள்ளே தேங்கியே இருக்கும். அரை மணியில் உங்களால் முடிகிற 180-க்குக் கீழே இறக்காமல், அந்த எண்ணிலேயே விடுங்கள். New cards ignore review limit அணைந்திருக்கட்டும். அப்போதுதான் ரிவியூ அந்த எண்ணைத் தொடும் நாளில் புதுக் கார்டு தானாக நிற்கும்.

இன்னொன்று: மூன்று டெக் ஒரே பிரீசெட்டில், அதாவது ஒரே அமைப்புத் தொகுப்பில் இருந்தால், 20 என்பது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தனித்தனியாகத் திறந்து படித்தால் தினம் 60. இதையும் பாருங்கள்.

New cards/day-ஐ 0 ஆக்கியபின் தினம் 180 பாருங்கள். முதல் சில நாள் 600 அசையாத மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் பழைய கார்டுகளும் அன்றாடம் வந்துகொண்டே இருக்கும். புதுசு வராததால் அந்த வரத்து மெல்ல வற்றும், பிறகு குவியல் வேகமாகக் குறையும். தீர்ந்ததும் 5, இரண்டு வாரம் Future Due வரைபடத்தைப் பார்த்துவிட்டு 10. அதற்குள் தேர்வு அவசரம் என்று ஒரு நாள் கூட்ட நினைத்தால் Today only-இல் மட்டும் மாற்றுங்கள், மறுநாள் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும்.