நான்கு மேற்கோள்களும் ஒரே மூலமாக இருக்கலாம்

"வெள்ளை அறிக்கையின் முக்கியமான எண் ஒன்றுக்கு நான்கு மேற்கோள்கள் இருக்கின்றன, நான்கும் ஒத்துப்போகின்றன. இதற்குமேல் சரிபார்க்க வேண்டுமா?"

ஆம், வேண்டும். நான்கின் அடிக்குறிப்புகளையும் திறந்து, அந்த எண்ணை முதலில் அளந்தவர் யார் என்பது தெரியும்வரை பின்னோக்கிச் செல்லுங்கள். நான்கும் ஒரே அறிக்கையில் போய் முடிந்தால், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சான்றுதான்.

இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை கூறியது. அதற்கு மேற்கோளாக நின்றது 2005இல் வந்த ஒரு தன்னார்வ அமைப்பின் அறிக்கை. அதுவோ 1999இல் வெளியான ஓர் இதழ்ச் செய்தியை நம்பியிருந்தது. அவற்றின் பரப்பு 2035க்குள் 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்று 2007 அறிக்கை சொன்ன துணைக் கணிப்பின் எண்கள் 1996ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே சொல்லப்பட்ட ஆண்டு 2350, பேசப்பட்டது துருவங்களுக்கு வெளியே உலகம் முழுவதிலும் உள்ள பனிப்பரப்பு. இமயமலைப் பனிப்பாறைகளின் பரப்பு ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் என்று அதே 2007 அறிக்கையே வேறிடத்தில் குறிப்பிட்டிருந்ததால், இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும் என்பது என் கருத்து. 2010 ஜனவரியில் ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது.

ஆகவே மூலத்தை அடைந்ததும் எண் பொருந்துகிறதா என்பதோடு நிறுத்தாமல், எதை, எந்தப் பகுதியில், எந்த ஆண்டில் அளந்தார்கள் என்பதையும் உங்கள் வாக்கியத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். மூலம் கிடைக்காவிட்டால், அந்த எண்ணை நீக்கிவிட்டு, கையிலுள்ள சான்று தாங்கும் அளவுக்கு வாக்கியத்தைக் குறைத்து எழுதுங்கள்.