மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு எந்த நாற்காலி?

“அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. சோபாவிலிருந்து எழ முடியவில்லை. கும்பகோணத்தில் ரிக்லைனர் பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?”

முதலில் உயரம். அம்மாவை வீட்டுச் செருப்போடு உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். 41 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகும் இருக்கை 42, 43-இல் நிற்க வேண்டும். கடைக்காரர் சொல்வது ஆள் உட்காராத உயரம். 45 என்பார், மெத்தை 6 சென்டிமீட்டர் அமுங்கினால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும், பழைய சோபாவின் கதைதான். அதனால் அம்மாவைக் கட்டாயம் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எழும்போது கை ஊன்றும் இடம் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டு, கெட்டியாக, பிடிக்க வாகாக இருக்க வேண்டும். தலையணை போல உப்பிய கைப்பிடியில் கை வழுக்கும். அதை வாங்கவே வாங்காதீர்கள்.

முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போதே பாதம் தரையில் முழுதாகப் படிகிறதா, இடுப்பு வளைவில் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள்.

ஃபோம் 40 டென்சிட்டி கேளுங்கள். 32-க்குக் கீழே வேண்டாம், சீக்கிரம் பள்ளம் விழும், கணக்குப் பார்த்த உயரமும் போய்விடும்.

நெம்புகோல் ரிக்லைனரில் கால்பலகையைக் குதிகாலால் அழுத்தித்தான் மடக்க வேண்டும். அம்மாவால் அது முடியாவிட்டால் மோட்டார் வைத்தது பாருங்கள், மின்வெட்டுக்கு பேட்டரியோடு. இரண்டும் ஒத்துவராவிட்டால், உயரமான சாதாரணக் கைநாற்காலியே மேல்.