66 கிலோடால்டன் பேண்டில் வந்தது கெரட்டின்தானா?

கேள்வி: மனித செல்களை வளர்த்த ஊடகத்தைச் செறிவாக்கி ஜெல்லில் ஓட்டினேன். 66 கிலோடால்டன் பக்கத்தில் தடித்த பேண்ட் ஒன்று வந்தது. வெட்டி, டிரிப்சின் நொதி போட்டுத் துண்டாக்கி, மால்டி கருவியில் துண்டுகளின் நிறையை எடுத்து, மாஸ்காட் தேடல் மென்பொருளில் `Homo sapiens` என்று தேடினால் முதலில் கெரட்டின் 1 வருகிறது. ஸ்கோர் எல்லைக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் கெரட்டின் 1-ம் 66 கிலோடால்டன்தான். செல் சுரக்கும் புரதம் இதுதான் என்று எழுதலாமா? பீக் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
— ஆய்வு மாணவி

பதில்: எழுதாதீர்கள். எடை பொருந்துவது வெறும் தற்செயல். உண்மையான விடை நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே இருக்கிறது, ஆனால் அது உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் அனுப்பிய பத்து எண்களை அப்படியே போடுகிறேன்:

```
842.54   927.53   1163.67  1179.64  1305.76
1475.80  1479.85  1640.00  2211.18  2384.04
```

முதலில் 842.54, 2211.18 இரண்டையும் பாருங்கள். இவை உங்கள் புரதத்தின் துண்டுகளே இல்லை. பன்றி டிரிப்சின் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும்போது விழும் துண்டுகள், எல்லோருடைய ஸ்பெக்ட்ரத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும். இருக்க வேண்டிய இடம் 842.51, 2211.10. உங்களுக்கு ஒன்றில் 0.03, இன்னொன்றில் 0.08 கூடுதல். கணக்குப் போட்டால் இரண்டுமே ஏறத்தாழ 36 பிபிஎம், அதாவது கருவி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் மேலே தள்ளிக் காட்டுகிறது. இது நல்ல செய்திதான், ஏனென்றால் இந்த இரண்டையும் வைத்தே மொத்தப் பட்டியலையும் திருத்திவிடலாம், திருத்திய பிறகு 100 பிபிஎம் என்று தளர்வாக விட்டிருக்கும் எல்லையை 20-க்கு இறுக்கலாம். இறுக்கினால்தான் தற்செயலாக ஒட்டிக்கொள்ளும் பொருத்தங்கள் உதிரும்.

திருத்திப் பார்த்தால் 1179.60, 1475.75, 2383.95 என்று மூன்று எண்கள் வருகின்றன. இந்த மூன்றும் கெரட்டின் 1-தான், அதில் மாஸ்காட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் தோலில் இருந்து வந்த கெரட்டின், இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரருடைய தோலில் இருந்து. ஜெல்லைச் சாயத்தில் மூடாமல் ஆட்டிவைக்கும் தட்டு, வெட்டும் பிளேடு, முகத்தைத் தொட்ட கையுறை எல்லாமே வழிதான். நான் ஒரு தடவை ஜெல்லைக் கண்ணாடி மேல் வைத்து, குனிந்து, மூக்கு படும் தூரத்தில் வெட்டியிருக்கிறேன். நான்கு பேண்டிலும் கெரட்டின் மட்டுமே வந்தது! அடுத்த முறை வெட்டும்போது பேண்டே இல்லாத இடத்தில் இருந்து அதே அளவில் ஒரு வெற்றுத் துண்டையும் வெட்டி, எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோங்கள். அதிலும் வரும் பீக்குகளை அடித்துவிட்டு மீதியை மட்டும் தேடலுக்குக் கொடுங்கள்.

சரி, உங்கள் பட்டியலில் மீதி என்ன? 927.49, 1163.63, 1305.72, 1479.80, 1639.94. இந்த ஐந்தும் மாட்டு அல்புமின்! ஊடகத்தில் சேர்த்த கன்றுக்குட்டி சீரம் மிச்சமிருந்திருக்கிறது, அதன் எடையும் 66 கிலோடால்டன்தான். `Taxonomy` பெட்டியில் `Homo sapiens` என்று பூட்டிவிட்டதால் மாஸ்காட் மாட்டுப் புரதங்களைப் பார்க்கவே இல்லை. `Mammalia` என்று திறந்துவிட்டு, டிரிப்சின், கெரட்டின் எண்களை நீக்கிவிட்டு மறுபடி தேடுங்கள், மாட்டு அல்புமின் மேலே வரும்.

மனித அல்புமினாக இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. 927.49-ம் 1639.94-ம் இரண்டு இனத்துக்கும் பொது, அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிரித்துக் காட்டுவது 1163.63. மாட்டில் அந்தத் துண்டு LVNELTEFAK, மனிதனில் LVNEVTEFAK. நடுவில் ஒரு லியூசின் இருக்கும் இடத்தில் வேலின், அவ்வளவுதான், அதனால் மனிதத் துண்டு 14 டால்டன் குறைந்து 1149.62-ல் வர வேண்டும். உங்களிடம் அது இல்லை. 1479.80 இன்னும் அழகு: மாட்டில் LGEYGFQNALIVR என்று ஒரே துண்டாக வருவது, மனிதனில் அந்த இரண்டாவது G இருக்கும் இடத்தில் லைசின். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் இரண்டுக்கும் பின்னால் வெட்டும் என்பதால் அங்கேயே ஒரு வெட்டு விழுந்து, FQNALLVR தனியாக 960.56-ல் வரும். அதுவும் உங்களிடம் இல்லை.

இன்னொன்று கண்ணில் பட்டது, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். மாட்டு அல்புமினில் 35 சிஸ்டீன்கள், ஆனால் உங்கள் ஐந்து துண்டுகளில் ஒன்றில்கூடச் சிஸ்டீன் கிடையாது. ஐந்து துண்டுகளை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் டைசல்ஃபைடு பிணைப்புகள் உடையவில்லையோ, அயோடோஅசிட்டமைடு வேலை செய்யவில்லையோ என்றுதான் எனக்குச் சந்தேகம். ஜெல் துண்டுகளை அசிட்டோநைட்ரைலில் வெள்ளையாகச் சுருங்கும் வரை வைத்துவிட்டு, அந்தப் பிணைப்புகளை உடைக்கும் டிடிடியில், 10 மில்லிமோலார் செறிவில், 56 டிகிரியில் முக்கால் மணி நேரம், மறுபடி சுருக்கி, 55 மில்லிமோலார் அயோடோஅசிட்டமைடில் இருட்டில் அரை மணி நேரம். இந்த அயோடோஅசிட்டமைடு வெளிச்சத்தில் கெட்டுப்போகும், அன்றன்று கரைத்தால்தான் உண்டு, பழைய குப்பியில் மிச்சம் இருந்தது என்று ஊற்றினால் இப்படித்தான். அப்புறம் சுருக்கி உலர்த்திய துண்டில், மில்லிலிட்டருக்கு 12.5 மைக்ரோகிராம் செறிவில் டிரிப்சினை ஐஸ் மேல் வைத்தே ஊறவிடுங்கள். குளிரில் டிரிப்சின் தன்னையே வெட்டுவது குறையும், நொதி துண்டுக்குள் இறங்க நேரம் கிடைக்கும். உறிஞ்சாத மிச்சத்தை எடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பஃபர் விட்டு, 37 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள்.

சரியாக நடந்ததா என்று பார்க்க MPCTEDYLSLILNR துண்டைத் தேடுங்கள். அயோடோஅசிட்டமைடு சிஸ்டீனை ஒழுங்காக மூடியிருந்தால் 1724.83. 1738.85-ல் வந்தால் ஜெல்லில் கெட்டியாகாமல் மிஞ்சிய அக்ரிலமைடு முந்திக்கொண்டு சிஸ்டீனைப் பிடித்துவிட்டது என்று பொருள், அந்த மாற்றத்தைத் தேடலில் சேர்க்காவிட்டால் மென்பொருள் அந்தத் துண்டைத் தவறவிடும்.

அல்புமின் என்று தெரிந்ததால் உங்கள் செல் அந்த எடையில் எதையும் சுரக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே பேண்டுக்குள் கொஞ்சமாக வேறொரு புரதம் இருந்தால், அதன் துண்டுகளும் அல்புமின் துண்டுகளும் ஒரே கூடையில் விழுந்து கிடக்கும், வெறும் நிறையை வைத்து எது யாருடையது என்று பிரிக்க முடியாது, அல்புமின் கத்தும் சத்தத்தில் சின்னது கேட்கவும் கேட்காது. அதனால் செல்களைச் சீரம் போகும்வரை பஃபரால் இரண்டு மூன்று தடவை கழுவி, சீரம் இல்லாத ஊடகத்தில் சில மணி நேரம் வளர்த்து, அந்த ஊடகத்தை மட்டும் செறிவாக்கி ஓட்டிப் பாருங்கள். செல் போடாமல் அதே ஊடகத்தையும் பக்கத்துக் குழியில் ஓட்டுங்கள். தடித்த பேண்ட் மெலிந்த பிறகும் 66-ல் ஒரு கோடு மிஞ்சி, பக்கத்துக் குழியில் அது இல்லாவிட்டால், அந்தக் கோட்டை வெட்டி, இம்முறை பெப்டைடுகளை உடைத்து வரிசை படிக்கும் டேண்டம் கருவிக்குக் கொடுங்கள்.