ஐந்தில் நான்கு சிக்கிவிட்டன, கறுப்பி மட்டும் வரவில்லை

தெருப் பூனைகளுக்கு இரவில் சோறு வைக்கிறேன். எறும்பும் எலியும் வருவதாக அக்கம்பக்கத்தில் சண்டை. என்ன செய்வது?

பூனைகள் வரும்போது வரட்டும் என்று தட்டை விட்டுவிட்டுப் போகிறீர்கள், அதுதான் வம்பு. தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள், அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் பூனைகள் அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். பின்னால் கருத்தடைக்குப் பிடிக்கக் கூண்டு வைக்கும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

ஐந்து பூனைகளில் நான்கைப் பிடித்துக் கருத்தடை செய்தாயிற்று. கறுப்புப் பெட்டை மட்டும் கூண்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

மற்றவை மாட்டியதை அது பார்த்திருக்கும். இனி அவசரப்படக் கூடாது. கூண்டின் கதவு விழாதபடி மேலே கட்டிவிட்டு, சாப்பாட்டைக் கூண்டு வாசலிலேயே வையுங்கள். தினமும் ஒரு சாண் உள்ளே தள்ளுங்கள். கம்பித் தரை காலை உறுத்தும், அதனால் ஒரு தாள் விரியுங்கள். தாள் தடிமனாக இருந்தால், பூனை மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிபலகை அழுந்தாது, கவனம். கடைசியில் சாப்பாடு மிதிபலகைக்கு அப்பால் இருக்க வேண்டும். அங்கே போய் மூன்று நாள் தொடர்ந்து நிதானமாகச் சாப்பிட்டால் கட்டை அவிழ்க்கலாம்.

பிடிக்கப்போகும் வேளைக்கு முந்தின வேளை சாப்பாடு கிடையாது. இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள்: நீங்கள் நிறுத்தினாலும் எதிர்வீட்டு அம்மா ஒரு தட்டு வைத்திருப்பார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்படியும் பலகையை மிதிக்காமல் தாண்டுகிறதா? கதவைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலால் முட்டுக் கொடுத்து, பாட்டிலில் நீளமான கயிறு கட்டித் தள்ளி உட்காருங்கள். வால் முழுவதும் உள்ளே போன பிறகுதான் இழுக்க வேண்டும். பாதியில் இழுத்தால் அடிபடும், அப்புறம் அந்தப் பூனை கூண்டுப் பக்கமே வராது. சிக்கியதும் துணியால் மூடுங்கள். இருட்டானால் பூனை அடங்கும். கையால் வேறு பெட்டிக்கு மாற்றவே வேண்டாம்.

பிடித்த பூனைக்கு மடி வீங்கியிருக்கிறது. விட்டுவிடலாமா?

பால் கொடுக்கிறது என்று அர்த்தம். குட்டிகளைத் தேடுங்கள். மிகச் சின்னக் குட்டிகளானால் விட்டுவிட்டு, அவை தானாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு பிடிப்பதே நல்லது. மறுபடி சிக்காது என்று தோன்றினால் மருத்துவரிடம் மடியைக் காட்டிச் சொல்லுங்கள், வயிற்றின் பக்கவாட்டில் கீறிச் செய்ய முடியும். மயக்கம் முழுதாகத் தெளிந்ததும் தாமதிக்காமல் குட்டிகளிடம் சேர்க்க வேண்டும்.

கடுவனுக்கு அறுவை முடிந்து பத்து நாள். இன்னும் பெட்டையைத் துரத்துகிறதே?

துரத்தும். சில வாரங்களுக்குக் கருத்தரிக்க வைக்கவும் முடியும். பெட்டைக்கும் செய்துவிடுங்கள்.

காதில் நுனி வெட்டியிருக்கிறார்களே, பாவம்?

மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவது, வலிக்காது. கருத்தடை ஆனதற்கான அந்த அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் யாராவது அதே பூனையை மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிப்பார்கள்.

அறுவைக்குப் பிறகு வேறு நல்ல இடமாகப் பார்த்து விடலாமா?

வேண்டாம். பிடித்த இடத்திலேயே, கதவு சாலையைப் பார்க்காதபடி கூண்டை வைத்துத் திறங்கள். புது இடத்தில் விட்டால் பழைய தெருவைத் தேடிக் கிளம்பிவிடும்.