வேல்ஸ் ரோடு மேப்பில் லான், அபெர் என்றால் என்ன?

"வேல்ஸில் கார் ஓட்டப் போகிறோம். மேப்பில் பாதி ஊர்கள் 'லான்', 'அபெர்' என்றே தொடங்குகின்றனவே, ஏன்?"

லான் என்றால் முதலில் வேலியடைத்த நிலம். அப்படி அடைத்த இடத்தில் தேவாலயம் எழுந்ததால், சொல் தேவாலயத்தையும் அதைச் சுற்றிய ஊரையும் குறிக்கலாயிற்று. அபெர் என்பது ஓர் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ போய்ச் சேரும் இடம்.

எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்கிறோம் இல்லையா? 'சாதம்' வகையைச் சொல்கிறது, முன்சொல் எது என்று சொல்கிறது. வேல்ஸின் மொழியான வெல்ஷில் இந்த வரிசை தலைகீழ்: வகை முதலில், பெயர் பின்னால். லான்டட்னோ என்றால் டட்னோ என்ற புனிதரின் தேவாலயம். அபெரிஸ்ட்வித் என்றால் இஸ்ட்வித் ஆற்றின் முகத்துவாரம்.

ஆனால் பின்பாதியை அப்படியே தேடினால் சில சமயம் கிடைக்காது. வெல்ஷில் சேர்க்கையின்போது பின்சொல்லின் முதல் எழுத்தே மாறுவதுண்டு. மரியாளின் பெயர் மைர். லானோடு சேர்ந்தால் லான்வைர். மரியாள் பெயரில் தேவாலயங்கள் ஏராளம் என்பதால் லான்வைர்களும் ஏராளம். அதனால்தான் பின்னால் இன்னொரு அடையாளம் ஒட்டிக்கொண்டு பெயர் நீளுகிறது. ஜிபிஎஸ்ஸில் வெறும் லான்வைர் என்று தட்டினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள், முழுப் பெயரைப் போடுங்கள்.

அப்புறம், அபெர் என்று கண்டதும் கடற்கரை என்று நினைத்து நீச்சலுடை எடுத்துவைக்க வேண்டாம்: அபர்கவெனி உள்நாட்டு ஊர், கவெனி ஆறு அங்கே அஸ்க் ஆற்றில்தான் சேர்கிறது.