ஏர் எண்ட் மாற்றியாச்சு, பழையது எங்கே போனது?

கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எந்திரத்தின் பெரிய பாகம் போய்விடுகிறது, புதியது வாங்கிப் பொருத்துகிறார்கள், புதியதைச் சொத்தில் ஏற்றவும் செய்கிறார்கள். பழையது மட்டும் கணக்கில் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ஜலகண்டாபுரம் பக்கம் ஏர்ஜெட் தறிகள் ஓட்டும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. 2018-ல் 24 லட்சத்துக்கு வாங்கிய ஸ்க்ரூ கம்ப்ரசரில், காற்றை அழுத்தும் முக்கியப் பாகமான ஏர் எண்ட் ஜாம் ஆகிவிட்டது. புதிய ஏர் எண்ட் 9 லட்சம், ஜிஎஸ்டி தனி. லாரி வாடகையும் பொருத்துக் கூலியும் 40,000. கம்ப்ரசரின் புத்தக மதிப்பு இப்போது 12 லட்சம். பழைய ஏர் எண்டை 50,000-க்குப் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். புதியதைச் சொத்தில் சேர்த்துவிட்டு, அந்த 50,000-ஐ அதிலேயே கழித்துவிட்டோம். சரிதானா?

சரியில்லை. புதியதைச் சொத்தில் ஏற்றியது சரி. ஆனால் நீங்கள் கழித்தது பழைய ஏர் எண்டின் விற்பனைப் பணத்தைத்தான். உங்கள் புத்தகத்தில் அதற்கு இருந்த மதிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. தறிக்கூடத்தில் ஓடுவது ஒரு ஏர் எண்ட், பதிவேட்டில் இரண்டு. கணக்கியல் தரம் 10 இதில் தெளிவாக இருக்கிறது: பாகத்தை மாற்றினால் பழையதன் புத்தக மதிப்பை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன்பே தனியாகத் தேய்மானம் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் விதி.

‘அதன் விலை தனியாகப் பில்லில் இல்லையே’ என்று கேட்பீர்கள். இல்லாவிட்டாலும் மதிப்பிடலாம். அதே திறனுள்ள கம்ப்ரசருக்கு இன்று ஒரு விலைப்புள்ளி வாங்குங்கள். 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏர் எண்ட் 9 லட்சம், அதாவது கால் பங்கு. 2018-லும் கிட்டத்தட்ட அதே பங்குதான் இருந்திருக்கும் என்று எடுத்தால், 24 லட்சத்தில் அதன் விலை 6 லட்சம். கம்ப்ரசரின் புத்தக மதிப்பு பாதியாகக் குறைந்திருப்பதால், சேர்ந்தே தேய்ந்த ஏர் எண்டும் பாதிதான். ஆக 3 லட்சம் வெளியேற வேண்டும். விற்பனையாளரிடம் 2018-ன் பழைய விலைப்பட்டியல் கிடைத்தால் அது இன்னும் நல்லது. எந்த வழியில் போனாலும் கணக்குப் போட்ட தாளையும் விலைப்புள்ளியையும் கோப்பில் வையுங்கள். தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி பதிவு. பதிவேட்டில் கம்ப்ரசரின் அசல் விலையில் 6 லட்சத்தையும், அதுவரை போட்ட தேய்மானத்தில் 3 லட்சத்தையும் குறையுங்கள். விற்ற 50,000 போக 2,50,000 லாப நட்டக் கணக்கில் நட்டமாகப் போகும். புதிய ஏர் எண்ட் 9,40,000-க்குத் தனி வரியாக ஏறும். ஜிஎஸ்டிக்கு இன்புட் எடுத்திருந்தால் அந்தத் தொகை சொத்தில் வராது. பழையதைக் கழற்றியதற்குத் தனிக் கூலி கொடுத்திருந்தால் அதையும் புதியதன் மேல் ஏற்றாதீர்கள், அது செலவு. இப்போது கம்ப்ரசர் 9 லட்சம், ஏர் எண்ட் 9,40,000, மொத்தம் 18,40,000. உங்கள் கணக்கில் 20,90,000 நிற்கிறது. இல்லாத 2,50,000-க்கு இனி வருடாவருடம் தேய்மானம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டரை லட்சம் நட்டமா என்று மனம் அடித்துக்கொள்ளும். அது இந்த வருடம் மட்டும் வந்த நட்டமில்லை. ஏர் எண்ட் கம்ப்ரசரை விடச் சீக்கிரம் தேயும் பாகம். அதை மொத்த எந்திரத்தின் ஆயுளுக்குப் பரப்பியதால் இத்தனை வருடமும் தேய்மானம் குறைவாக விழுந்திருக்கிறது, அது இப்போது வெளியே தெரிகிறது. கால் பங்கு விலையுள்ள பாகத்தை 2018-லேயே தனியாகப் பிரித்திருக்க வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, ஏப்ரல் 1, 2015 முதல் தொடங்கிய ஆண்டுகளில் முக்கியப் பாகங்களுக்குத் தனி ஆயுள் என்பது கம்பெனிகளுக்குக் கட்டாயம்.

புதியதற்கு என்ன ஆயுள்? தயாரிப்பாளர் சொல்லும் ஓட்ட மணியை உங்கள் ஆண்டு ஓட்ட மணியால் வகுத்துப் பாருங்கள். 40,000 மணி என்று சொல்லி, நீங்கள் வருடத்துக்கு 6,000 மணி ஓட்டினால் ஆறரை வருடத்துக்குச் சற்று மேல். கம்ப்ரசரே அதற்கு முன் கழியும் என்றால், அந்த மீதி ஆயுள்தான் எல்லை.

தாரமங்கலத்திலிருந்து: மோட்டார் ரீவைண்டிங், பேரிங், ஆயில் ஃபில்டர் எல்லாவற்றையும் இப்படியே சொத்தில் ஏற்றலாமா?

வேண்டாம். ஃபில்டர், ஆயில், பெல்ட், பேரிங் எல்லாம் அன்றாடப் பராமரிப்பு, செலவில் போகட்டும். ரீவைண்டிங்கும் பொதுவாகச் செலவுதான். மோட்டார் அதே மோட்டார், பழைய நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவே. ஒரு வருடத்துக்கு மேல் உழைக்கும், எந்திரத்தின் விலையில் கணிசமான பங்குள்ள பாகம் முழுசாக மாறினால்தான் முதல் பதிலில் சொன்ன வேலை. எனக்குள் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: பழையதாக இன்னதைக் கழற்றினோம் என்று கையால் காட்ட முடியவில்லையென்றால், ஏற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன்.

புத்தகத்தில் சொத்தாக்கினால் வருமான வரியிலும் சொத்தாகத்தான் காட்ட வேண்டுமா?

புத்தகப் பதிவு வரியை முடிவு செய்யாது. வரியில் பார்ப்பது, இருக்கிற எந்திரத்தைக் காப்பாற்றிய செலவா, புதிதாக ஒரு எந்திரம் வந்ததா என்பதை. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம், நூற்பாலையில் ஒவ்வொரு எந்திரமும் தனிச் சொத்து, ரிங் ஃபிரேமையே மாற்றினால் அது நடப்பு பழுதுபார்ப்பு ஆகாது என்றது. ஏர் எண்ட் ஒரு எந்திரத்துக்குள் இருக்கும் பாகம் என்பதால் வாதாட இடம் உண்டு. ஆனால் மூலதனச் செலவு நடப்பு பழுதுபார்ப்பில் சேராது என்று சட்டமே சொல்வதால், தொகை பெரிதாக இருந்தால் உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். சொத்தாகக் காட்டினால் அது பொது எந்திரங்களுக்கான 15 சதவீதத் தேய்மானத் தொகுதியில் சேரும். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதித் தேய்மானம். பழையதை விற்ற 50,000 அந்தத் தொகுதியில் கழியும். புத்தகத்தில் காட்டிய 2,50,000 நட்டம் வரிக் கணக்கில் கிடைக்காது, வருமானத்தோடு திருப்பிச் சேர்க்க வேண்டும். சிலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம். பல்ப்பர் எந்திரத்தின் டீசல் என்ஜினை மாற்றினோம். கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு 1,80,000-ல் 20,000 குறைத்துக் கொடுத்தார். 1,60,000 ஏற்றினால் போதுமா?

போதாது. 1,80,000 ஏற்றுங்கள். 20,000 பழைய என்ஜினை விற்று வந்த பணம், அதைப் பழையதன் புத்தக மதிப்போடு ஒப்பிட்டு லாபமோ நட்டமோ காட்டுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் விற்பனைதான். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதற்கும் பில் போட வேண்டும். கடைக்காரர் பில்லில் இரண்டு தொகையும் தனித்தனியாகத் தெரியும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே ஏற்காட்டு வாசகர்: பழையதைக் கொடுக்காமல் ஷெட்டில் வைத்திருந்தால்?

ஆள் வைத்துச் சரிசெய்து, அறுவடைக் காலத்தில் புதியது நின்றால் மாட்ட உண்மையிலேயே தயாராக வைத்திருந்தால், அதன் புத்தக மதிப்பைத் தனி வரியாகப் பிரித்து, தேய்மானத்தைத் தொடருங்கள். விற்கத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், புத்தக மதிப்பு, விற்றால் கையில் நிற்கும் தொகை இரண்டில் எது குறைவோ அதில் வையுங்கள். கிராங்க் உடைந்து மூலையில் துருப்பிடிக்கிறதென்றால், பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட அதற்குக் கணக்கில் இடமில்லை.